'திரும்ப' என்று எழுதியவன்

மாமா என்னிடம் கொடுத்த துண்டுத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 'மறுபடி கட்டணும்' என்று எழுதியிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நீல மையில், அரிசி மூட்டை போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த எழுத்துகள். ஆனால் நினைவு எனக்குச் சாதகமாகப் பொய் சொல்வதில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? எனக்குப் பாதகமாகப் பொய் சொல்லியும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் என் மேசைக் குப்பைக் கூடையோடு போய்விட்டது. எஞ்சியது சுவரொட்டியில் நான் அச்சிட்ட சொல் மட்டும்தான். அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

மாமா என் அக்காவின் கணவர். குழாய், பெயிண்ட், மோட்டார் விற்கும் கடை அவருடையது. கடைக்கு மேலே மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு லாமினேஷன் இயந்திரம் வைத்து நான் பிழைப்பு நடத்துகிறேன். வாடகை கிடையாது. பதிலாகக் கடைக்கு வேண்டிய பில் புத்தகம், விலைப் பட்டியல், 'கடன் கேட்காதீர்' எல்லாம் நான் அடித்துக் கொடுப்பேன். நான் அதிகம் பேச மாட்டேன். யாராவது ஏதாவது கேட்டால் பதில் எனக்குள் நாலைந்து முறை சுற்றிவிட்டுத்தான் வாய்க்கு வரும். அதற்குள் கேட்டவர் போய்விடுவார். மாமா எனக்கு வைத்திருந்த பெயர் ஊமைச்சாமி. என் மௌனத்தை அவர் எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். நானும் திருத்தியதில்லை.

கீழே கல்லாவில் இருந்தவரை எல்லோரும் கல்லாக்கா என்பார்கள். நாற்பதைத் தாண்டியவர். எந்த அங்குலக் குழாய்க்கு எந்த மூட்டு என்று கேட்டால் அலமாரியைப் பார்க்காமல் சொல்வார். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முழித்தால், "கல்லாவுல உக்காந்ததால கல்லாக்கா. கல்லாத அக்கான்னு நினைச்சுச் சில்லறையைக் குறைச்சுக் கொடுத்துடாதீங்க" என்பார்.

கடையில் அப்போதுதான் கியூஆர் அட்டையும் கார்டு இயந்திரமும் வந்திருந்தன. பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் கல்லாமேல் உட்கார்ந்தது. தினமும் யாராவது ஒருவர், "காசு போயிடுச்சு, பாரு" என்று போனை நீட்டுவார். பெட்டி வாய் திறக்காது. இவர் திறப்பார். வரிசை நீளும். அதனால் மாமா ஒரு சுவரொட்டி அடிக்கச் சொன்னார். எப்படியெல்லாம் பணம் கட்டலாம், கட்டும்போது தகராறு வந்தால் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நான் அதை மெருகேற்றினேன். அந்தச் சொல்லைச் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. மேலே ஏற்கெனவே 'மறுபடி முயலவும்' என்று ஒரு வரி இருந்தது. கீழேயும் 'மறுபடி' வந்தால் ஒரே சொல் இரண்டு முறை தலைகாட்டுகிறதே என்று எனக்கு உறுத்தியது. நிறையப் படிக்கிறவனுக்கு வரும் வியாதி இது. 'திரும்ப' என்று மாற்றினேன். 'கட்டணும்' என்பது கடைக்காரர் அதட்டுவதுபோல இருந்தது. அதையும் மாற்றினேன். கடைசியில் வரி இப்படி வந்து நின்றது:

*கடைக்குப் பணம் வந்து சேராத பட்சத்தில், தொகை திரும்பச் செலுத்தப்பட வேண்டும்.*

படித்துப் பார்த்தேன். நல்ல மரியாதையான வாக்கியம். யார் யாருக்குச் செலுத்த வேண்டும் என்பதைத் தவிர அதில் எல்லாம் இருந்தது. கீழ் மூலையில் தேதி போட்டு, லாமினேட் செய்து கொடுத்தேன். மாமா படிக்காமலே ஒட்டினார். அவர் மனதில் இருந்த வாக்கியமே தாளிலும் இருக்கும் என்று நம்பினார்.

அன்று காலையே குழாய்க்காரர் ஒருவர் வந்தார். எங்கோ ஒரு வீட்டில் மோட்டார் எரிந்து, தொட்டியில் தண்ணீர் ஏறாமல், வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்துக்கொரு முறை போன் செய்துகொண்டிருந்தார். குழாய்க்காரர் ஒரு மோட்டாரை எடுத்து வைத்து, கியூஆரைப் படம் பிடித்து, ரகசிய எண்ணை அழுத்தினார். திரை சுற்றியது. 'நிலுவையில்' என்று வந்து நின்றது. அடுத்த நொடியே அவருடைய வங்கியிடமிருந்து, கணக்கில் பணம் குறைந்தது என்று செய்தியும் வந்துவிட்டது. பெட்டி பேசவில்லை. கல்லாக்கா கடையின் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

இனி நடந்ததைக் கல்லாக்காவும், வரிசையில் இருந்த இரண்டு பேரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, வந்துடும்" என்றார் கல்லாக்கா.

"பத்து நிமிஷமா பொறுத்துட்டேன். இங்க பொறுக்கிறதுக்குள்ள அங்க என் தலையை எடுத்துடுவாங்க."

"காசு வரலையே, நான் என்ன பண்ணட்டும்?"

குழாய்க்காரர் அப்போதுதான் சுவரொட்டியைப் பார்த்தார். விரலை வைத்து உரக்கப் படித்தார். "'தொகை திரும்பச் செலுத்தப்பட வேண்டும்.' நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. திருப்பிக் கொடுங்க என் காசை."

வரிசையில் பின்னால் நின்ற பெயிண்டர், "நியாயம்தானே? எழுத்துல இருக்கே" என்றார். இன்னொருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து, அதையே சொன்னார். கல்லாக்காவும் எழுந்து நின்று படித்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டது. வராத பணத்தை எப்படித் தருவது என்று குழம்பி மாமாவுக்கு இரண்டு முறை போன் செய்தார். மாமா முடிவெட்டும் கடையில் இருந்தார். போன் சட்டைப் பையிலும், சட்டை ஆணியிலும் இருந்தன.

கடை பெயர் போட்டு எழுதியிருக்கிறது. கடை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கல்லாக்கா பரிவர்த்தனை எண்ணை ஒரு சீட்டில் எழுதி, குழாய்க்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கல்லாவிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவர் அதை வாங்கிய கையோடு திருப்பி நீட்டினார்.

"சரி, இப்ப இந்தக் காசுக்கு அந்த மோட்டாரைக் கொடுங்க."

கல்லாவிலிருந்து போன பணம் கல்லாவுக்கே வந்தது. மோட்டார் மட்டும் படியிறங்கிப் போனது.

நான்காம் நாள் வங்கி குழாய்க்காரர் கணக்கில் பணத்தைத் திரும்ப வைத்தது. வராமல் தொங்கிய பணம் அப்படித்தான் போய்ச் சேரும். கடையைத் தொடாததால் அது அவருக்கே போனது. அவர் அதை ஒரு வேடிக்கையாக நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த நாலு பேரில் ஒருவர் மாமாவிடம் சிரித்தார்.

மாமா மாடிக்கு வந்தார். அவர் படியேறினால் மூச்சு முதலில் வரும்.

"மாப்ளே, ரெண்டு வேலை. ஒண்ணு, கல்லாவுல இருக்கிற அந்த அம்மா பேர்ல ஒரு கடிதம் அடி. 'சுவரொட்டியைச் சரியாகப் படிக்காமல் என் கவனக்குறைவால் கடைக்கு நஷ்டம் ஏற்படுத்திவிட்டேன், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்'னு. கீழ கையெழுத்துக்கு இடம் விடு."

நான் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டாவது, அந்த போஸ்டரை மாத்தி அடி. 'வாடிக்கையாளர் மறுபடி பணம் கட்ட வேண்டும், கடை எதற்கும் பொறுப்பல்ல'ன்னு பளிச்சுனு போடு. மூலையில தேதி மட்டும் பழசாவே இருக்கட்டும்."

"பழசாவா?"

"ஆமா. அன்னைக்கு ஒட்டினதே அதுதான். அந்த அம்மா தப்பாப் படிச்சிருச்சு. கையெழுத்துப் போடலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்." என் தோளைத் தட்டினார். "உனக்கு நான் சொல்லித் தரணுமா? நீதான் எழுத்துக்காரன்."

அவர் இறங்கிப் போய்விட்டார்.

கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். சொல்லைத் தேர்வு செய்தேன். நீலமாக மின்னியது. 'திரும்ப'. அழித்து 'மறுபடி' என்று அடிக்க ஐந்து நொடி போதும். பிறகு ஒருவர் தன் கண்ணால் படித்ததைப் படிக்கவேயில்லை என்று ஆகிவிடும். நான் வாழ்நாளில் எத்தனையோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். பிழையை நகர்த்தி இன்னொருவர் கண்ணில் வைத்ததில்லை. கல்லாக்காவின் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த மோட்டார். ஆனால் கடிதத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. அந்தக் கடையில் ஒரே ஒரு நபர்தான் அந்தச் சுவரொட்டியைக் கவனமாகப் படித்தவர். மாமா படிக்கவில்லை. எழுதிய நானும் படிக்கவில்லை, ரசித்தேன்.

கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, வெறுங்கையோடு இறங்கினேன்.

மதியம். கடையில் ஆளில்லை. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கல்லாக்கா கல்லாவில். இருவருக்கும் ஏற்கெனவே பேச்சு முற்றியிருந்தது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார் கல்லாக்கா. "தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க, சரி, யோசிக்கிறேன். படிக்கத் தெரியலைன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்."

"இந்தா வந்துட்டான். மாப்ளே, எங்க கடிதம்?"

"அடிக்கல."

"போஸ்டர்?"

"அடிக்க மாட்டேன்."

மாமா விசிறியை நிறுத்தினார். நான் 'மாட்டேன்' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. எனக்கும் என் குரல் யாரோ பின்னாலிருந்து பேசுவதுபோலத்தான் இருந்தது.

"தப்பு என்னுது மாமா. நீங்க 'மறுபடி'ன்னு எழுதிக் கொடுத்தீங்க. அழகா இருக்கட்டும்னு நான் 'திரும்ப'ன்னு மாத்தினேன். அவங்க படிச்சது சரி. அதுல அப்படித்தான் இருக்கு."

"ஊமைச்சாமிக்கு வாய் வந்திருச்சு, பாருங்கய்யா! யாருகிட்ட வந்து பேசறே? மேல உட்கார்ந்திருக்கியே, அது யார் வீட்டு அறை?"

"உங்க அறைதான். வாடகை சொல்லுங்க. ஆனா பழைய தேதி போட மாட்டேன்."

"கேட்டியாம்மா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"அவர் என்கிட்ட வருஷத்துக்கு எட்டு வார்த்தை பேசுவார் சார். பேசி வச்சுக்கணும்னா நாங்க போன வருஷமே ஆரம்பிச்சிருக்கணும்" என்றார் கல்லாக்கா.

மாமாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சரி, பழசு போகட்டும். புதுசா சரியா அடி. 'வரலைன்னா மறுபடி கட்டணும். கடை பொறுப்பல்ல.' அதை ஒட்டினா முடிஞ்சுது."

"அதுவும் தப்பு சார்" என்றார் கல்லாக்கா.

"அதுல என்னம்மா தப்பு?"

கல்லாக்கா எழுந்தார். சுவரொட்டியை நான்கு மூலையும் கிழியாமல் பிய்த்தெடுத்து, கல்லாமேல் கவிழ்த்துப் போட்டார். "எழுத்துக்காரரே, இந்தாங்க பில் புத்தகம், பேனா. இங்க உக்காந்து பதில் சொல்றது நான்தான். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அழகு வேண்டாம்."

நான் எழுதினேன்.

"முதல்ல, எப்ப காசு வந்துச்சுன்னு ஒத்துக்குவோம்னு போடுங்க. பெட்டி தொகையைச் சொல்லணும், இல்ல நம்ம போன்ல வந்திருக்கணும். கார்டுன்னா மிஷின்ல 'ஏற்கப்பட்டது'ன்னு வரணும். அவங்க போனைக் காட்டுறது கணக்கில்ல. அதுல என்ன வேணா காட்டலாம். ரகசிய எண்ணை யார்கிட்டயும் சொல்லாதீங்க, எங்ககிட்டயும்தான்னு போடுங்க. சில பேர் கத்திக் கத்தி அழுத்துறாங்க."

எழுதினேன்.

"அடுத்து, தோல்வின்னா ரெண்டு தோல்வி இருக்கு. நீங்க ஒண்ணாக்கிட்டீங்க. தோல்வின்னு வந்து, அவங்க கணக்குல காசு குறையலன்னா பிரச்சினையே இல்ல. இன்னொரு தடவை பண்ணலாம், கார்டு தேய்க்கலாம், ரொக்கம் கொடுக்கலாம். ஆனா காசு குறைஞ்சு, நமக்கு வரலைன்னா, அதுதான் வில்லங்கம். அப்ப உடனே மறுபடி கட்டச் சொல்லக் கூடாது."

"ஏன் கூடாது?" என்றார் மாமா.

"முதல் காசு அரைமணி கழிச்சு வந்து சேர்ந்தா? போன மாசம் அந்தக் கொத்தனாருக்கு வந்துச்சே. ரெண்டு தடவை கட்டினவர் நம்மளைத் திருடன்னு சொல்லிட்டுப் போனார். அதனால பொறுக்கச் சொல்லணும். நிலுவைன்னா இன்னும் முடியலன்னு அர்த்தம். பரிவர்த்தனை எண்ணைக் குறிச்சுக்கணும். நமக்கு வரவேயில்லன்னா அவங்க பேங்க்தான் சில நாள்ல திருப்பிப் போடும். போடலைன்னா அந்த எண்ணை வச்சு அவங்க பேங்க்ல புகார் கொடுக்கணும். நம்ம கையில இல்லாத காசை நாம தர முடியாது."

"அப்பாடா. அதை முதல்ல போடு" என்றார் மாமா.

"போடுங்க. 'அந்தப் பணம் எங்களிடம் இல்லை; உங்கள் வங்கி உங்களுக்குத் திருப்பித் தரும்.' யார், யாருக்கு, ரெண்டும் இருக்கணும்." என்னைப் பார்த்தார். "'திருப்பி'ன்னா கொடுக்கிறது. 'மறுபடி'ன்னா கட்டுறது. 'திரும்ப'ன்னா சண்டை. அந்த வார்த்தை இந்தக் கடைக்குள்ள வரக் கூடாது."

பல வருடம் புத்தகங்களோடு கிடந்தவன் நான். இதை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"கடைசியா ஒண்ணு. 'பொருள் அவசரம் என்றால் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். முதல் தொகை பிறகு எங்களுக்கு வந்துவிட்டால், நாங்கள் அதை உங்களுக்குத் திருப்பித் தருவோம்.'"

"அது வேண்டாம்" என்று மாமா எழுந்தார். "அதை எழுதினா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் சீட்டைத் தூக்கிட்டு வருவான். கேட்டா கொடுப்போம். எழுத்துல எதுக்கு?"

"கேட்கத் தெரியாதவங்களுக்குக் கொடுக்காம இருக்கலாம்னா சார்?"

"ஏம்மா, அளந்து பேசு."

"அளந்துதான் பேசறேன். காலையிலேர்ந்து அதுதானே வேலை." அவர் குரல் ஏறவில்லை. "மறுபடி கட்டுங்கன்னு நான் வாயால கேட்கணும்னா, கூட வந்தா கொடுப்போம்னு சுவர்ல இருக்கணும். இல்லைன்னா நான் இந்த போஸ்டருக்குக் கீழ உக்கார மாட்டேன். நாளைக்கு வேற யாரையாவது உக்கார வையுங்க. ஒரு இன்ச்சுக்கும் ஒண்ணேகாலுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளா பாருங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து தன் சாப்பாட்டுப் பாத்திரத்தையும், கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். மிரட்டல் மாதிரி இல்லை. வேலை முடிந்தவர் கிளம்புகிற மாதிரி இருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

வழக்கம்போல எனக்குள் பதில் சுற்ற ஆரம்பித்தது. இந்த முறை அதைச் சுற்ற விடவில்லை. "அந்த வரி இல்லாம நான் அடிக்க மாட்டேன் மாமா. நீங்க வேற இடத்துல அடிச்சுக்கலாம்."

வெளியே ஒரு வண்டி நின்றது. பெயிண்டர் ஒருவர் இரண்டு பெரிய டப்பா வெள்ளை வேண்டும் என்று கேட்டபடி உள்ளே வந்தார். கல்லாக்கா பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார். மாமா அலமாரியை நோக்கிப் போனார். எந்த வெள்ளை, எந்தத் தட்டு என்று தேடினார். ஒரு டப்பாவை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். பெயிண்டர், "அது மரத்துக்கு அடிக்கிறதுங்க" என்றார். கல்லாக்கா வாய் திறக்கவில்லை.

மாமா டப்பாவைக் கீழே வைத்தார். திரும்பிப் பார்க்காமலே, "எழுதித் தொலைங்க" என்றார். "கடிதமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் பையை வைம்மா."

"ரெண்டாவது தட்டு, இடது பக்கம்" என்றார் கல்லாக்கா.

அன்று மாலை புதிய தேதியோடு அடித்து ஒட்டினேன். மெருகேற்றவில்லை. 'எங்களுக்கு', 'உங்களுக்கு', 'உங்கள் வங்கி' என்று ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. என் கண்ணுக்கு அது அழகாகவே பட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அக்கா போன் செய்தாள். "உங்க மாமாவை எதிர்த்துப் பேசினியாமே? உனக்குப் பேச்சு வரும்னு எனக்கே யாரும் சொல்லல" என்றாள். அவள் திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகு நடந்தவை இவை. மோட்டார் விலையைக் கல்லாக்கா சம்பளத்தில் பிடிக்கவில்லை. நான் பாதியை ஏற்றுக்கொண்டு, தவணையாகக் கொடுத்து முடித்தேன், மறுபாதி மாமாவுடையது. அடுத்த மாதத்திலிருந்து மாடி அறைக்கு வாடகை வாங்கினார். இன்றும் வாங்குகிறார். குழாய்க்காரர் அந்தப் பணத்தைத் தரவில்லை. இப்போது வேறு கடையில் பொருள் எடுக்கிறார். சுவரொட்டி ஒட்டிய ஒரு வருடத்தில், தாமதமாக வந்த தொகை என்று மூன்று பேருக்குத்தான் திருப்பித் தர வேண்டியிருந்தது. மூவரும் மறுபடி வந்தார்கள். கல்லாக்கா இரண்டு வருடம் கழித்து, அதிகச் சம்பளத்துக்கு ஒரு பெரிய கடையில் சேர்ந்தார். அங்கேயும் கல்லாவில்தான் இருக்கிறார். மாமாவும் நானும் பேசிக்கொள்கிறோம். அவர் என்னை ஊமைச்சாமி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.